ஸ்லைடுகளும் பேச்சாளர் குறிப்புகளும் கையேடாவது எப்படி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பயிற்சி வகுப்புக்கும் கூட்டத்துக்கும் நீங்கள் தயாரித்த ஸ்லைடுகளை எங்களிடம் தந்து, வந்தவர்கள் கையோடு கொண்டுபோக ஒரு கையேடு கேட்கிறீர்கள். முக்கியக் கருத்துகள் 1, 2, 3 என்று எண்ணிட்டு இருக்க வேண்டும் என்கிறீர்கள். அப்போது பலரும் கேட்பது: "பவர்பாயிண்ட்டிலேயே கையேடு எடுக்கும் வசதி இருக்கிறதே, அதற்கு மேல் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. பதிலை ஒரு முறை விரிவாகவே எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல். இதைப் பார்த்துச் சின்னக் கையேடுகளை நீங்களே செய்துகொள்ள முடிந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி.

வசதி இருப்பது உண்மை. அச்சிடும் இடத்தில் `Handouts` என்று தேர்ந்தெடுத்தால் ஒரு பக்கத்துக்கு மூன்று, ஆறு, ஒன்பது என்று ஸ்லைடுகள் சிறிதாக வரும். ஆனால் பேச்சாளர் குறிப்புகள் அதில் வராது. `Notes Pages` என்று கொடுத்தால் குறிப்புகள் வரும், ஆனால் ஒரு ஸ்லைடுக்கு ஒரு பக்கம் என்று தாள் கூடிக்கொண்டே போகும். விண்டோஸ் கணினியில் `File > Export > Create Handouts` வழியாகப் போனால் ஸ்லைடு ஒரு பக்கமும் குறிப்பு அதற்குப் பக்கத்திலுமாக ஒரு வேர்ட் கோப்பு கிடைக்கும். மூன்றில் இதுதான் உருப்படியானது. நாங்களும் வேலையை இங்கிருந்துதான் தொடங்குகிறோம். அங்கே `Paste link` என்பதைத் தேர்ந்தெடுக்காமல் `Paste` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வேர்ட் கோப்பு மூலக் கோப்போடு இணைந்தே இருக்கும். கோப்பு இடம் மாறினால் இணைப்பு அறுந்துவிடும்.

அதே பட்டியலில் `Outline only` என்று ஒன்று உண்டு. எழுத்து மட்டும் வந்தால் போதுமே என்று அதை எடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் என்று ஸ்லைடில் ஏற்கெனவே இருக்கும் கட்டங்களில் தட்டியது மட்டும்தான் அதில் வரும். நீங்களாகச் செருகிய எழுத்துப்பெட்டி, படத்துக்குள் இருக்கும் எழுத்து எதுவும் வராது. வராமல் போனது தெரியவும் தெரியாது.

சரி, வேர்ட் கோப்பு கிடைத்துவிட்டது. இது இன்னும் கையேடு ஆகவில்லை. ஸ்லைடில் இருப்பவை அரைகுறைச் சொற்றொடர்கள். எதிரே ஒருவர் நின்று பேசுவார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. பேச்சு முடிந்தபின் தாளை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு அந்தக் குரல் இருக்காது. அது இருந்த இடம் பேச்சாளர் குறிப்பு. அதனால் எண்ணிட்ட கருத்துகளை நாங்கள் ஸ்லைடிலிருந்து எடுப்பதில்லை, குறிப்பிலிருந்து எடுக்கிறோம். தலைப்பு, வரிசை, படம் இவற்றுக்குத்தான் ஸ்லைடு.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். தீயணைப்புக் கருவியைப் பயன்படுத்துவது பற்றிய பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். 20 ஸ்லைடுகள். ஏழாவது ஸ்லைடின் தலைப்பு "கார்பன் டை ஆக்சைடு கருவி". கீழே மூன்று வரிகள்: "மின்சாரத் தீ", "முனை: கவனம்", "மீட்டர் இல்லை". இந்த மூன்றுக்கும் எண் போட்டுக் கையில் கொடுத்தால் யாருக்கு என்ன புரியும்? முனையில் என்ன கவனம்? மீட்டர் இல்லாவிட்டால் என்ன?

அந்த ஸ்லைடின் குறிப்பு இப்படி இருக்கிறது:

"(கருவியைத் தூக்கிக் காட்டவும்.) இதோ இந்த அகலமான முனை இருக்கிறதே, வாயு வரும்போது இது கடுமையாகக் குளிர்ந்துவிடும். வெறுங்கையால் பிடித்தால் தோல் உறைந்து புண்ணாகும். கைப்பிடியைத்தான் பிடிக்க வேண்டும். போன வகுப்பில் இந்த இடத்தில் நேரம் போதவில்லை, சீக்கிரம் முடிக்கவும். மற்ற கருவிகளில் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்தோம் அல்லவா, இதில் அந்த மீட்டரே கிடையாது. எடை போட்டுத்தான் உள்ளே வாயு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். முன்பே சொன்னதுபோல, வெளியே போகும் வழி உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும்."

இதில் நான்கு விதமான வாக்கியங்கள் கலந்து கிடக்கின்றன. தூக்கிக் காட்டவும் என்பது பேச்சாளருக்கான அறிவுறுத்தல். நேரம் போதவில்லை என்பது அவருடைய சொந்த நினைவூட்டல். "இதோ இந்த", "பார்த்தோம் அல்லவா" போன்றவை அறையில் இருப்பவருக்கு மட்டுமே பொருள் தருபவை. இவை போக மிஞ்சுவதுதான் கருத்து. முதல் இரண்டையும் எடுத்துவிடுகிறோம். மூன்றாவது வகையை எடுத்துவிட முடியாது, அது சுட்டும் பொருளின் பெயரை அந்த இடத்தில் எழுத வேண்டும். அப்படிச் செய்தபின் கிடைப்பது:

8. கார்பன் டை ஆக்சைடு கருவியைக் கைப்பிடியில் மட்டும் பிடிக்கவும். வாயு வரும் அகன்ற முனை கடுமையாகக் குளிர்வதால் அதைத் தொட்டால் தோல் உறைந்து புண்ணாகும். (ஸ்லைடு 7)

9. கார்பன் டை ஆக்சைடு கருவியில் அழுத்தமானி கிடையாது. வாயு குறைந்திருக்கிறதா என்பதை எடை போட்டுத்தான் அறிய முடியும். (ஸ்லைடு 7)

"மின்சாரத் தீ" எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். மூன்றாவது ஸ்லைடின் குறிப்பில், எந்தத் தீக்கு எந்தக் கருவி என்று சொல்லும் இடத்திலேயே அது முழுமையாக வந்துவிட்டது. அங்கே ஒரு எண் பெற்றதற்கு இங்கே இன்னொன்று தேவையில்லை. வெளியேறும் வழி பின்னால் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். பேச்சில் திரும்பத் திரும்பச் சொல்வது நல்லது, கேட்பவர் மனதில் பதியும். தாளில் ஒரே விஷயம் இரண்டு எண்களில் வந்தால் "இது வேறு ஏதோ போலிருக்கிறது" என்று படிப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புவார். ஆக, ஒரு ஸ்லைடிலிருந்து இரண்டு கருத்துகள் வரலாம், மூன்று ஸ்லைடுகள் சேர்ந்து ஒன்றாகலாம், தலைப்பு ஸ்லைடிலிருந்தும் "நன்றி" ஸ்லைடிலிருந்தும் ஒன்றும் வராது. இந்த 20 ஸ்லைடுகள் கடைசியில் 14 கருத்துகளாக, முன்பக்கமும் பின்பக்கமுமாக ஒரே தாளில் அடங்கிவிட்டன.

ஒரு கருத்து எண் பெறத் தகுதியானதா என்று பார்க்க எங்களிடம் ஒரே சோதனைதான். அந்த வரியை மட்டும் தனியாக ஒருவரிடம் காட்டுவோம். வகுப்புக்கு வராத அவர் "எது?", "ஏன்?" என்று திருப்பிக் கேட்காமல் அதன்படி நடக்க முடிந்தால் போதும். "எது?" என்று கேட்டால் சுட்டுச்சொல் ஒன்று தப்பி உள்ளே நிற்கிறது என்று பொருள். "ஏன்?" என்று கேட்டால் காரணம் குறிப்பிலேயே தங்கிவிட்டது.

அடுத்து எண். எண் 1-இல் தொடங்கிக் கடைசிவரை ஒரே ஓட்டமாக ஓட வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். ஒவ்வொரு பிரிவிலும் மறுபடி 1 என்று தொடங்கினால், "மூன்றாவது பாயிண்ட் புரியவில்லை" என்று ஒருவர் கேட்கும்போது எந்த மூன்று என்று தேட வேண்டியிருக்கும். ஸ்லைடு எண்ணையே கருத்தின் எண்ணாக வைக்கச் சொல்லிச் சிலர் கேட்கிறீர்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த வகுப்புக்கு நீங்கள் நடுவில் ஒரு ஸ்லைடைச் செருகினால் அதன் பின்னால் வரும் எண் அத்தனையும் நகர்ந்துவிடும், ஏற்கெனவே கொடுத்த தாள்களோ அப்படியே இருக்கும். அதனால்தான் கருத்துக்குத் தனி எண், ஸ்லைடு எண் வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள். மறைத்து வைத்த ஸ்லைடுகள் திரையில் வராவிட்டாலும் எண்ணிக்கையில் சேரும் என்பதால், இந்த ஸ்லைடு எண்களை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகவே போடுகிறோம்.

கையேடு ஒருமுறை வெளியே போனபின் புதிய கருத்து சேர்க்க வேண்டியிருந்தால், பழைய எண்களைத் தொடாமல் கடைசியில் 15 என்று சேர்ப்போம். ஒன்றை நீக்க வேண்டுமானால் அந்த எண்ணை வெறுமையாக விட்டு "நீக்கப்பட்டது" என்று போடுவோம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் பழைய தாளும் புதிய தாளும் வைத்திருப்பவர்கள் ஒரே எண்ணை வைத்துப் பேசிக்கொள்ள முடியும். வரிசையையே மாற்ற விரும்பினால் புதிய பதிப்பு என்று தேதியோடு மேலே அச்சிட்டுவிட வேண்டும்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இன்னொன்று: ஸ்லைடும் குறிப்பும் ஒன்றுக்கொன்று மாறாகப் பேசுவது. ஸ்லைடு எல்லோர் கண்ணிலும் படும், அதனால் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். குறிப்பு கீழே மறைந்து கிடக்கும், திருத்த மறந்துபோகும். இந்தத் தீயணைப்புக் கோப்பிலேயே ஒரு ஸ்லைடு "3 மீட்டர் தூரத்தில் நிற்கவும்" என்றது, அதன் குறிப்பு "இரண்டு மீட்டர் போதும்" என்றது. அப்புறம், ஒரு ஸ்லைடை நகலெடுத்து மேலே மட்டும் மாற்றினால் பழைய குறிப்பும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அடுத்தடுத்த இரண்டு ஸ்லைடுகளில் ஒரே குறிப்பு இருந்தாலோ, தலைப்புக்குச் சம்பந்தமே இல்லாத குறிப்பு இருந்தாலோ அநேகமாக இதுதான் காரணம். இப்படிப்பட்ட இடங்களில் எது சரி என்று நாங்கள் முடிவு செய்ய மாட்டோம், செய்யவும் கூடாது. அந்தத் துறையை அறிந்தவர் நீங்கள். அதனால் கையேட்டின் முதல் படியோடு சந்தேகப் பட்டியல் ஒன்றும் தனித்தாளில் வரும்.

குறிப்பே இல்லாத ஸ்லைடுகளும் வரும். படத்தை மட்டும் பார்த்து நாங்களாக ஒரு வாக்கியம் எழுதுவதில்லை. அந்த ஸ்லைடில் நீங்கள் பேசியதை ஒரு நிமிட ஒலிப்பதிவாக அனுப்பினால் போதும். வரைபடத்தை வாக்கியமாக்க முயல்வதும் பல சமயம் வீண்வேலை. பூட்டு ஊசியை இழுப்பதைக் காட்டும் படத்தை, அதற்குரிய கருத்தின் பக்கத்தில் சிறிதாக வைத்துவிடுகிறோம்.

கடைசியாக, கோப்பு அனுப்பும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். PDF அனுப்ப வேண்டாம், வழக்கமாகச் சேமித்த PDF-இல் குறிப்புகள் இருக்காது. `.pptx` கோப்பையே அனுப்புங்கள். ஸ்லைடுகளில் யுனிகோடு அல்லாத பழைய எழுத்துரு இருந்தால் அதன் பெயரைத் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் வேர்டுக்கு மாற்றும்போது தமிழ் சிதைந்துவிடும் வாய்ப்பு உண்டு. மூன்றாவது, குறிப்பில் ஒருவருடைய பெயர், சம்பளம், புகார் என்று வெளியே போகக் கூடாதது எதுவும் இருந்தால் அந்த வரியின் முன்னால் ## என்று போட்டுவிடுங்கள். ## உள்ள வரியை முதல் வேலையாக நீக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவோம். குறி இல்லாமலே அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், அதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்து உங்களைக் கேட்ட பிறகே அச்சுக்கு அனுப்புவோம்.

அன்புடன்,
கையேடு தயாரிப்புக் குழுவினர்