ஆறு இலக்க எண் செல்லவில்லையா? போனின் கடிகாரத்தைப் பாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பெற்றோர் பக்கத்தில் நுழைய அத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் 6 இலக்க எண்ணைக் கேட்க ஆரம்பித்ததிலிருந்து, "எண்ணைச் சரியாகத்தான் போடுகிறேன், தவறு என்றே வருகிறது" என்று சிலர் அலுவலகத்துக்கு வருகிறீர்கள். பாதிப் பேர் நெட் சரியில்லை என்று நினைக்கிறீர்கள். அந்த எண்ணை உண்டாக்க ஆப்புக்கு நெட்டே வேண்டாம். கோளாறு பெரும்பாலும் போனின் கடிகாரத்தில்தான்.

ஓடிபி மாதிரி இந்த எண்ணை யாரும் உங்களுக்கு அனுப்புவதில்லை. முதல் நாள் ஸ்கேன் செய்த கியூஆர் கோடில் ஒரு ரகசியச் சொல் இருந்தது. அது உங்கள் போனிலும் இருக்கிறது, பள்ளியின் சர்வரிலும் இருக்கிறது. இரண்டும் அந்தச் சொல்லையும் அந்த நேரத்தையும் சேர்த்துத் தனித்தனியே கணக்குப் போடுகின்றன. 30 வினாடிக்கு ஒருமுறை விடை மாறும். இரு பக்கமும் ஒரே நேரம் இருந்தால்தான் ஒரே விடை வரும். சின்ன வித்தியாசம் இருக்கட்டும் என்று முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் எங்கள் சர்வர் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் விலகினால் ஏற்காது.

போன வாரம் ஒரு அம்மா வந்தார். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை வேகமாக வைப்பதுபோல, பிள்ளையை நேரத்துக்குக் கிளப்பப் போனையும் 4 நிமிடம் முன்னால் வைத்திருந்தார். (எங்கள் வீட்டிலும் அந்தப் பழக்கம் உண்டு.) எங்கள் கணினி ஆசிரியர் அவர் போனில் வந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். போனில் மணி 10:14, உண்மையில் 10:10. உடனே போட்டபோது தவறு என்றது. "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்று 4 நிமிடம் காத்திருந்து அதே சீட்டு எண்ணைப் போட்டார், திறந்துகொண்டது! அந்த அம்மாவின் போன் 10:14க்கு உரிய எண்ணை முன்கூட்டியே காட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கடிகாரம் பின்தங்கியிருந்தால் இப்படிக் காத்திருந்தும் பயனில்லை, அந்த எண்ணின் காலம் ஏற்கெனவே முடிந்திருக்கும்.

இன்னொருவர் கதை கொஞ்சம் சிக்கலானது. துபாயிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு அப்பா. போனில் மணி சரியாகத்தான் இருந்தது. ஆனால் நேர மண்டலம் துபாயிலேயே நின்றிருந்தது. ஒன்றரை மணி நேரத்தைக் கையால் தள்ளி வைத்திருந்தார். ஆப் பார்ப்பது திரையில் தெரியும் மணியை அல்ல, அதிலிருந்து நேர மண்டலத்தைக் கழித்து வரும் உலகப் பொது நேரத்தை. அதனால் அவருடைய கணக்கு ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. அவர் மணியைத் தொடாமல் துபாய் நேரத்திலேயே விட்டிருந்தால் எண் சரியாகவே வந்திருக்கும். ஆகவே மணி சரியாகத் தெரிகிறதே என்று நம்பிவிடாமல், மண்டலம் GMT+05:30 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரிசெய்வது எளிது. சாம்சங் போனில் Settings, General management, Date and time என்று போய் Automatic date and time என்பதை ஆன் செய்யுங்கள். மற்ற ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் Settings, System, Date & time; அங்கே தேதி நேரத்துக்கு ஒன்று, நேர மண்டலத்துக்கு ஒன்று என இரண்டு பொத்தான்கள் இருக்கும், இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். ஐபோனில் Settings, General, Date & Time, Set Automatically. ஏற்கெனவே ஆனில் இருந்தால் ஒருமுறை ஆஃப் செய்து, நெட் இருக்கும்போது மறுபடி ஆன் செய்யுங்கள். எண் உண்டாக நெட் வேண்டாம் என்றாலும், சரியான நேரத்தை வாங்கிக்கொள்ள நெட் வேண்டும். அப்புறம் ஆப்பில் புது எண் வரும்வரை பொறுத்து அதைப் போடுங்கள்.

கையால் மணி வைத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். நிமிடத்தை வைக்கலாம், வினாடியை வைக்க முடியாது. கிட்டத்தட்ட ஒரு நிமிடம்வரை பிசகும். சரியாகிவிட்டதா என்று அறிய போனின் பிரவுசரில் time.is என்று போடுங்கள். உங்கள் கடிகாரம் எத்தனை வினாடி முன்னால், எத்தனை பின்னால் என்று அதுவே சொல்லும்.

ஆன் செய்து வைத்த பொத்தான் மறுபடி ஆஃப் ஆகியிருந்தால் பிள்ளைகளைக் கேளுங்கள். சில விளையாட்டுகளில் தேதியை நாளைக்கு மாற்றினால் தீர்ந்துபோன உயிர்கள் இன்றே கிடைத்துவிடும். நம் மாணவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: எண் செல்லவில்லை என்று ஆப்பையோ அதிலுள்ள பள்ளிக் கணக்கையோ அழித்துவிடாதீர்கள். ரகசியச் சொல்லும் சேர்ந்து போய்விடலாம், பிறகு நீங்கள் நேரில் வந்து புதிதாக ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். பழைய கியூஆர் கோடின் படத்தை வகுப்பு வாட்ஸாப் குழுவில் போட்டு உதவி கேட்பதும் வேண்டாம். அதை வைத்து வேறு யாரும் உங்கள் எண்ணை உண்டாக்க முடியும்.

நேரத்தைச் சரிசெய்த பிறகும் எண் செல்லாவிட்டால், வேலை நாள்களில் மாலை 3:30 முதல் 4:30 வரை போனோடு கணினி அறைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்