வசனத் தாளை அனுப்பாதீர்கள்: விளம்பரப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் விளம்பரப் பிரிவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். வாடிக்கையாளர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும் வீடியோக்களை எடுத்துத் தொகுப்பது என் தொழில். படப்பிடிப்புக்கு முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் வசனத் தாள் அனுப்புகிறீர்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

பில்லிங் மென்பொருள் ஒன்றுக்காக ஒரு மளிகைக்கடைக்காரரைப் படமெடுக்கப் போயிருந்தோம். "இந்த மென்பொருளால் என் வணிகம் புதிய உயரத்தை எட்டியுள்ளது" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாள் முழுக்க கலகலவென்று பேசுகிற மனிதர், அந்த வரி வந்ததும் மேலே பார்த்து யோசித்து யோசித்து ஒப்பித்தார். அதைப் பார்க்கிற யாரும் நம்பப் போவதில்லை.

தாளை வாங்கி வைத்துவிட்டு, லென்ஸுக்குப் பக்கத்தில் அவர் கண் உயரத்தில் உட்கார்ந்தேன். "இது வர்றதுக்கு முன்னாடி, ராத்திரி கடையைச் சாத்தினதும் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். ஆமாம், இல்லை என்று முடிக்க முடியாத கேள்வி அது. கடன் நோட்டைக் கூட்டிக்கொண்டிருப்பேன், வீட்டுக்குப் போக பதினொன்றரை ஆகும் என்றார். நான் அடுத்த கேள்விக்குத் தாவாமல் நாலைந்து நொடி சும்மா இருந்தேன். "அதுக்குள்ள பொண்ணு தூங்கிடும்" என்றார். வீடியோவை அந்த வரியில் தொடங்கினோம். பெயரும் ஊரும் திரையில் எழுத்தாக வந்தால் போதும்.

கஷ்டத்துக்கு அடுத்து வர வேண்டியது தயக்கம். நீங்கள் எப்போதும் வெட்டச் சொல்வதும் அதைத்தான். கல்லாவில் இருக்கும் பையனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே என்று பயந்ததையும், முதல் வாரம் பில் போடத் தாமதமாகி இரண்டொருவர் திரும்பிப் போனதையும் அவர் சொன்னார். வீடியோவைப் பார்க்கப்போகும் அடுத்த கடைக்காரருக்கும் இதே பயம்தான் இருக்கும். அதைத் தாண்டி வந்தவர் சொன்னால்தான் அப்புறம் வரும் நல்ல வார்த்தைக்கு மதிப்பு. உங்கள் மென்பொருளின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்; இரண்டு நிமிட வீடியோவில் நாற்பதாவது நொடியில் வந்தாலும் தாமதமில்லை.

முக்கால் மணி நேரப் பேச்சு இரண்டு நிமிடமாகும்போது வெட்டு நிறைய விழும். அவற்றை மறைக்க, பேசி முடித்த பிறகு அவர் சொன்ன விஷயங்களையே படமெடுக்கிறோம்: அந்தப் பழைய நோட்டு, தராசு, பில் போடும் பையனின் கை. அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஆனால் இரண்டு அரை வாக்கியங்களை ஒட்டி அவர் சொல்லாததைச் சொல்ல வைக்கச் சொல்லாதீர்கள். விளம்பரத்தில் ஒருவர் தரும் பரிந்துரை அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன. வெளியிடும் முன் அவரிடம் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

அடுத்த படப்பிடிப்புக்கு எனக்கு இரண்டு தகவல் அனுப்பினால் போதும்: அவர் எந்தத் தொல்லைக்காக உங்களிடம் வந்தார், வாங்கிய பிறகு உங்கள் சேவை மையத்துக்கு எதற்கெல்லாம் போன் செய்தார்.

இப்படிக்கு,
ஒரு வீடியோ தொகுப்பாளர்