அளவு சரி, முகம் மாறிவிட்டது

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலைவாய்ப்புப் பக்கத்தில் வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முறையைத் தெளிவாக எழுதியிருந்தீர்கள். போட்டோ, கையெழுத்து பற்றி மட்டும் 'குறிப்பிட்ட அளவில் பதிவேற்றவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் ஸ்டுடியோ நடத்துகிறவன். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

வங்கித் தேர்வை நடத்தும் ஐ.பி.பி.எஸ். அமைப்பின் அறிவிப்பில் போட்டோவுக்கு இரண்டு அளவு இருக்கும். ஒன்று 3.5 × 4.5 செ.மீ.; இன்னொன்று 200 × 230 பிக்சல். இரண்டும் ஒரே வடிவம் இல்லை. முதலாவது ஒல்லியானது, இரண்டாவது கொஞ்சம் அகலமானது. ஸ்டுடியோவில் கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்தை அப்படியே 200 × 230-க்கு இழுத்தால் முகம் சுமார் 12 சதவீதம் அகன்றுவிடும். தேர்வு மையத்தில் முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது இது வீண் சந்தேகத்தைக் கிளப்பும்.

இழுக்கக் கூடாது, வெட்ட வேண்டும். உதாரணத்துக்கு, பாஸ்போர்ட் சைஸ் படத்தின் ஃபைல் 413 × 531 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் 56 பிக்சலை வெட்டி 413 × 475 ஆக்கிக்கொள்ள வேண்டும். தலைமுடியைத் தொடாமல் மார்புப் பக்கத்திலிருந்து வெட்டுவது நல்லது. அப்புறம் 200 × 230-க்குக் குறைத்தால் முகம் முகமாகவே இருக்கும்.

கையெழுத்தில் வேறு சிக்கல். பலர் ஏ4 தாளின் நடுவில் கையெழுத்துப் போட்டு, முழுத் தாளையும் செல்போனில் படமெடுத்து வருகிறார்கள். அறிவிப்பில் கையெழுத்துக்குச் சொல்லும் அளவு 140 × 60 பிக்சல். முழுத் தாளின் படத்தை அந்த 140 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால், 6 செ.மீ. கையெழுத்துக்கு நாற்பது பிக்சல்தான் மிஞ்சும். சாம்பல் நிறத்தில் ஒரு கீறல்போலத் தெரியும். வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் கையெழுத்திட்டு, நிழல் விழாமல் ஸ்கேன் செய்து, முதலில் கையெழுத்தை ஒட்டி 7-க்கு 3 என்ற விகிதத்தில் வெட்ட வேண்டும். அதன் பிறகுதான் சுருக்குவது. கையெழுத்து முழுவதும் ஆங்கில கேபிடல் எழுத்துகளாக இருந்தால் ஏற்க மாட்டார்கள்.

இங்கே இன்னொரு இக்கட்டு உண்டு. ஃபைல் 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். 140 × 60-இல் சுத்தமாகச் செய்த கையெழுத்துப் படம் பெரும்பாலும் 10 கேபியைத் தொடாது. பிள்ளைகள் பயந்துபோய் வருவார்கள். அந்தப் பிக்சல் அளவை 'விரும்பத்தக்கது' என்றுதான் அறிவிப்பு சொல்கிறது. ஆகவே அதே விகிதத்தில் 420 × 180 வைத்து, ஜேபெக் தரத்தைக் கூட்டிக் குறைத்தால் வரம்புக்குள் வந்துவிடும், எழுத்தும் தெளிவாக இருக்கும்.

அடுத்த வங்கித் தேர்வு அறிவிப்பு வரும்போது இந்த விகிதங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். முன்னோட்டத்தில் முகத்தையும் கையெழுத்தையும் பார்க்காமல் இறுதிப் பொத்தானை அழுத்த வேண்டாம் என்றும் போடுங்கள். சமர்ப்பித்த பிறகு படத்தை மாற்றலாம் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஸ்டுடியோ நடத்தும் வாசகர்,
விருதுநகர்.