பொருள்: விற்பனையே இல்லாததும் விற்பனைக் கணக்கு வந்து சேராததும் ஒன்றல்ல

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் புகார் எண் மட்டுமே கிடைத்தது.

சாத்தூரில் காரசேவுக் கடை வைத்திருக்கிறேன், கோவில்பட்டியில் கிளை. போன வெள்ளியும் சனியும் உங்கள் பில்லிங் மென்பொருள், கிளையின் விற்பனை ரூ.0 என்று இரவு அறிக்கை அனுப்பியது. இரண்டு நாளும் கடை திறந்துதான் இருந்தது. கிளையின் கணினியில் 2207 முதல் 2391 வரை 185 பில்கள் கிடந்தன. உங்கள் சர்வருக்கு வந்தது 2206 வரைதான். இணைய இணைப்பு அறுந்ததும் பில்கள் அந்தக் கணினியிலேயே தங்கிவிட்டன. அதில் குற்றமில்லை, இணைப்பு போகத்தான் செய்யும். வராத கணக்கை 0 என்று எழுத யார் சொன்னது?

அந்தப் பூஜ்யத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமை கிளைக்கு 40 கிலோவுக்குப் பதில் 15 கிலோதான் அனுப்பினேன். பதினோரு மணிக்குத் தட்டு காலி. அதைவிடக் கொடுமை, பதினோரு வருடமாக என்னோடு இருக்கும் கிளை அண்ணாச்சியிடம், "பில் போடாமல் விற்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விற்பனையும் போச்சு, மரியாதையும் போச்சு.

உங்கள் ஊழியர் ஒருவர் தொலைபேசியில், "விற்பனை இல்லையென்றால் பூஜ்யம்தானே காட்டும்? கணக்குப் பாடம் நான் எடுக்கவா?" என்றார். எடுக்கட்டும், ஆனால் முதலில் அவர் படிக்கட்டும். ஜி.எஸ்.டி.யில்கூட விற்பனை இல்லாத மாதத்துக்கும் 'நில்' ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் 'விற்பனை இல்லை' என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், 'தாக்கல் செய்யவில்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கணினியைத் தூக்கிக்கொண்டு மதுரை அலுவலகத்துக்குப் பஸ்ஸில் வந்ததையும் சொல்ல வேண்டும். உணவு இடைவேளை என்று இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, "இது சர்வர் சம்பந்தப்பட்டது, போன் செய்யுங்கள்" என்று அனுப்பினார்கள். போன் செய்தால் மதுரைக்குப் போகச் சொன்னதும் நீங்கள்தான்!

தயவுசெய்து கேளுங்கள். விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளைக் கணினி கால் மணிக்கு ஒரு முறை 'இருக்கிறேன்' என்று ஒரு சிறு செய்தி அனுப்பட்டும். அது வந்து, பில் மட்டும் வராவிட்டால் 0 போடுங்கள். அதுவும் வராவிட்டால் 'தரவு வரவில்லை, கடைசியாக வந்தது இத்தனை மணிக்கு' என்று எழுதுங்கள். அமாவாசைக்குக் கடை மூடினால் விடுமுறை என்று நாங்களே பதிந்துவிடுகிறோம். இணைப்பு திரும்பி வந்ததும் பில் எண்கள் இடைவெளி இல்லாமல் தொடர்கின்றனவா என்று பார்த்து, பழைய அறிக்கையைத் திருத்தி அனுப்புங்கள். திங்கட்கிழமை 185 பில்களும் ஏறிவிட்டன, ஆனால் மாத சராசரியில் அந்த இரண்டு பொய்ப் பூஜ்யங்களும் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன.

பத்து நாளில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சந்திப்போம். அந்த ஊழியரையும் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
சாத்தூர் வாடிக்கையாளர்