கூட்டலை எழுதிக் கொடுங்கள்: எண் ஜோதிடர்களுக்கு ஒரு மடல்

பெயரியலும் எண் ஜோதிடமும் பார்த்துச் சொல்லும் பெரியவர்களுக்கு வணக்கம்.

இந்தப் பத்திக்கு வந்த ஒரு கடிதத்துக்கான பதிலை இந்த வாரம் உங்கள் முகவரிக்கு எழுதுகிறேன். கேட்டவர் ஒரு பெண். பதில் சொல்லும் பொறுப்பு என்னைவிட உங்களுக்கே அதிகம் என்பதால் இந்த ஏற்பாடு.

அவரை வசந்தி என்று அழைப்போம். சொந்தப் பெயர் அதுவல்ல. ஆனால் உங்கள் கணக்கில் சொந்தப் பெயருக்கு என்ன எண் வருமோ அதே எண் வரும் பெயராகப் பார்த்துத்தான் சூட்டியிருக்கிறேன். உடன் வேலை பார்ப்பவரைத் திருமணம் செய்துகொள்வதாக இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பெண் வீட்டுக்கு அவர் தன் பெற்றோருடன் வருவது மட்டுமே பாக்கி. அதற்கு முன், அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் எண் ஜோதிடருக்கு வசந்தியின் பிறந்த தேதியும் ஆங்கில எழுத்தில் பெயரும் வேண்டுமாம். "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான், அனுப்பிவிடு" என்கிறார் மாப்பிள்ளை. வசந்தி பிறந்தது 17ஆம் தேதி. ஒன்றும் ஏழும் எட்டு, எட்டு என்றால் சனி என்பது இந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அனுப்பட்டுமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறார்.

அவர் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கேள்விகூட அல்ல. அப்பா தினமும் சாயங்காலம் "எப்போது வருகிறார்கள்?" என்று கேட்கிறாராம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் வசந்தி சொல்லியிருக்கிறார். அடுத்த முறை, அவர்கள் உறவில் ஒரு துக்கம் என்றிருக்கிறார். "என் தேதி தேறுமா என்று பார்க்கக் காத்திருக்கிறார்கள் அப்பா" என்று சொல்ல வாய் வரவில்லை. மகள் பிறந்த நாளையே அந்த மனிதர் வாழ்வின் நல்ல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண், உங்கள் மேசையில் காத்திருக்கும் ஒரு கூட்டலுக்காகப் பெற்ற தகப்பனிடம் நாள்தோறும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை நீங்கள் அறிய வேண்டும்.

சரி, கூட்டலுக்கு வருவோம். உங்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது கல்தேய முறை என்று சொல்லப்படும் அட்டவணை. கீரோ என்ற பெயரில் எழுதிய அயர்லாந்துக்காரரின் நூல்கள் வழியாகப் பரவியது. அதன்படி VASANTHI என்பது 6+1+3+1+5+4+5+1, ஆக 26. இரண்டும் ஆறும் எட்டு. தேதியிலும் எட்டு, பெயரிலும் எட்டு; உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் விவகாரம் பெரியதுதான். வழக்கமான பரிகாரம் எழுத்தைக் கூட்டுவது அல்லது குறைப்பது. H-ஐ எடுத்துவிட்டால் 21, அதாவது மூன்று, குரு. எல்லோருக்கும் நிம்மதி.

இப்போது இன்னொரு கூட்டலையும் போட்டுப் பாருங்கள். நம் ஊரில் சான்றிதழில் தகப்பனாரின் முதலெழுத்தோடுதான் பெயர் இருக்கும். அது M என்றால் நான்கு சேரும். M VASANTHI என்பது 30. ஒரு எழுத்தையும் தொடாமலே அதே குரு வந்துவிட்டார்! பரிகாரம் என்று H-ஐ நீக்கினால் அதே சான்றிதழ்ப் பெயர் 25 ஆகி, ஏழாகி, கேதுவிடம் போய் நிற்கிறது. திருமணத்துக்குப் பின் கணவரின் R முதலெழுத்தாக வந்தால் 28, அதாவது ஒன்று, சூரியன். உங்கள் பக்கத்துத் தெருக்காரர் பித்தகோரஸ் முறை என்று ஒன்று வைத்திருக்கிறாரே, அதில் V நான்கு, H எட்டு, I ஒன்பது. அந்த அட்டவணையில் வெறும் VASANTHI 31, அதாவது நான்கு, ராகு. பெண் ஒருத்திதான். கிரகம் மட்டும் கூட்டுகிறவரைப் பொறுத்து மாறுகிறது. கல்தேயர்கள் களிமண் பலகையில் ஆப்பெழுத்தில் எழுதியவர்கள் என்பதையும், H-க்கு அவர்கள் ஐந்து மதிப்பெண் போட்டிருக்க வழியில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள்: ஒரு பெண்ணின் எண்ணைப் பார்த்தால் அந்தக் கூட்டலை எழுதிக் கொடுங்கள். எந்த அட்டவணை, முதலெழுத்தைச் சேர்த்தீர்களா விட்டீர்களா, என்ன முடிவு என்று ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்திட்டு, அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுங்கள். மாப்பிள்ளையின் அம்மா காதில் மட்டும் "எட்டு, கொஞ்சம் யோசியுங்கள்" என்று சொல்லி அனுப்பாதீர்கள்.

எட்டைக் கழித்துவிட்டால் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 8, 17, 26 ஆகியவை எல்லா மாதத்திலும் உண்டு. வருடத்தில் 36 நாள். நான்கும் ஆகாது என்று 4, 13, 22, 31ஐயும் சேர்த்தால் இன்னும் 43. மொத்தம் 79 நாள். ஊரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வரன் கிடையாது! பெரியார் பிறந்தது செப்டம்பர் 17, எம்.ஜி.ஆர். ஜனவரி 17. ஆளுக்கு ஒரு எழுத்துக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பீர்களா? செல்பேசி எண்ணில் எட்டு, கார் எண்ணில் எட்டு, வீட்டு இலக்கத்தில் எட்டு என்று தேடித் தேடி அஞ்சும் ஊரில் மாமியார் வீட்டுக்கு எட்டு மணி பஸ்ஸில் போகலாமா என்று இனி யாராவது கேட்பார்கள்.

மன்னிக்க வேண்டும், பேச்சு எங்கோ போகிறது. எழுத்தை மாற்றச் சொல்வது உங்களுக்கு எளிது. மாற்றுகிறவருக்கு அது அரசிதழ் அறிவிப்பில் தொடங்குகிறது. பிறகு ஆதார், பான், வங்கி, பாஸ்போர்ட். ஆதாரில் பெயரைத் திருத்தப் பொதுவாக ஆயுளுக்கே இரண்டு வாய்ப்புகள்தான். அதில் ஒன்றை H-க்குச் செலவழித்தால், பின்னாளில் கணவர் பெயரைச் சேர்க்கவோ எழுத்துப் பிழை திருத்தவோ ஒன்றுதான் மிஞ்சும். ஆதாரும் பட்டச் சான்றிதழும் வேறு வேறு பெயரோடு இருந்தால், இரண்டும் ஒருவரே என்று வேலைக்குச் சேரும்போதெல்லாம் அவர்தான் விளக்க வேண்டும். நீங்கள் கூட வரப்போவதில்லை.

வசந்தி, உங்களுக்கும் இரண்டு வரி. தேதியை அனுப்பும் முன் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "பொருந்தவில்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்?" முடிவு வருவதற்கு முன்பே கேட்க வேண்டும். "அப்போதும் வருவேன்" என்றால் பார்க்க அவசியமில்லை. முதலில் வந்து உங்கள் அப்பாவைப் பார்க்கட்டும். "அம்மாவிடம் கேட்க வேண்டும்" என்று இழுத்தால் நீங்கள் அறிய வேண்டியது ஜோதிடக் கட்டணமில்லாமலே தெரிந்துவிட்டது. நம்பிக்கை உண்மையாகவே இருந்தால் அவருடைய தேதியும் பெயரும் அதே தாளில் போகட்டும். இதுவரை அவர் எண்ணை யாரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அப்பாவிடம் இன்றே உண்மையைச் சொல்லிவிடுங்கள். கோபம் வரும். அது உங்கள் மேல் வராது.

பெரியவர்களே, உங்கள் தொழிலை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நம்பி வருகிறவர்கள் தம் எண்ணைத் தாமே கொண்டுவந்து கேட்டால் சொல்லுங்கள். தன் தேதி உங்கள் கையில் இருப்பதையே அறியாத பெண்ணின் எண்ணை மட்டும் அவள் சம்மதமின்றிப் பார்க்காதீர்கள். பார்த்தே தீர வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள், கையெழுத்தோடு. முதல் தாள் வந்ததும் இதே பத்தியில் அச்சிட்டு நன்றி சொல்வேன்.

பணிவுடன்,
இந்தப் பத்தியை எழுதுபவர்