போயாப் பட்டியல் எழுதும் முன்: தரம் 7 பெற்றாருக்கு அதிபரின் கடிதம்

திருகோணமலை
ஒக்டோபர் 2025

அன்பான பெற்றாருக்கு வணக்கம்.

இந்த வருடம் ஜூன் மாதம் எங்கள் பாடசாலையில் நடந்த ஒரு பிழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தரம் 7 பெற்றார் கூட்டத்தை 10ஆம் திகதி செவ்வாய்க்கிழமை என்றும், பொசொன் போயா விடுமுறையை மறுநாள் புதன்கிழமை என்றும் அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தோம். கொழும்புக்கு பஸ் ஓட்டும் ஒரு தந்தைதான் பலகையின் முன் நின்று பார்த்துவிட்டு, "சேர், பத்தாம் திகதிதானே போயா. பதினோராம் திகதி நான் வேலைக்குப் போகவேணும்" என்றார். கைத்தொலைபேசியில் முழுநிலவு எந்த நாளில் வருகிறது என்று பார்த்து, அதையே போயா என்று எழுதியிருந்தோம். பொறுப்பு என்னுடையது.

அதனால்தான் 2026ஆம் வருடப் போயாப் பட்டியலைத் தரம் 7 பிள்ளைகளே தயாரிக்கட்டும் என்று முடிவு செய்தேன். வீட்டில் நீங்கள் உதவுவீர்கள் என்பதால், எந்தெந்த இடத்தில் பிழை வரும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்த ஜூன் மாதத்தையே பார்ப்போம். இலங்கை நேரப்படி நிலவு சரியாக முழுமையடைந்தது 11ஆம் திகதி பிற்பகல் ஒன்றேகால் அளவில். கைத்தொலைபேசி காட்டியது பிழையில்லை. ஆனால் பூரணைத் திதி 10ஆம் திகதி முற்பகல் பதினொன்றரை மணியளவிலேயே தொடங்கிவிட்டது. நிலவு முழுமையடையும் கணத்தோடு அது முடிந்தும் விட்டது. அப்படியென்றால் பூரணைத் திதி நிறைந்த இரவு 10ஆம் திகதி இரவுதான். 11ஆம் திகதி இருட்டும்போது திதி போய்ப் பல மணி நேரம். வீட்டில் பௌர்ணமி விரதம் பிடிப்பவர்களுக்கு இது புதிதல்ல. பஞ்சாங்கத்தில் அவர்கள் பார்ப்பதும் திதி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைத்தான். கிழக்குக் கடற்கரையில் நின்று கடலிலிருந்து நிலவு எழுவதைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றால் அதுவும் சரிவராது. இரண்டு மாலையும் வட்டமாகத்தான் தெரியும்.

நிலவு முழுமையடையும் நேரம் இருட்டிய பிறகு நள்ளிரவுக்குள் ஆனால் அந்த நாளே போயா, நள்ளிரவுக்குப் பின்னோ காலையோ நண்பகலோ ஆனால் முதல் நாள் போயா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிற்பகல் நேரங்கள்தான் ஏமாற்றும். 2023 செப்டெம்பர் 29ஆம் திகதி நிலவு முழுமையடைந்தது பிற்பகல் மூன்றரை அளவில். போயா அதே நாள். 2024 ஜூலை 21ஆம் திகதியும் ஏறக்குறைய அதே நேரம், மூன்றே முக்கால். ஆனால் போயா முதல் நாள், 20ஆம் திகதி. ஒரு திதியின் நீளம் எப்போதும் ஒன்றல்ல என்பதுதான் வித்தியாசம். 2024 ஜூலையில் திதி 20ஆம் திகதி சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. 2023 செப்டெம்பரில் அது 28ஆம் திகதி சூரியன் மறைந்த பிறகுதான் தொடங்கியது.

சரி, போன வருடக் கலண்டரை வைத்துக் கணக்குப் போடலாமா? போடலாம், பிள்ளைகள் போட்டுப் பார்க்கவும் வேண்டும். ஒரு பூரணையிலிருந்து அடுத்த பூரணைக்குச் சராசரியாக 29 நாளும் அரை நாளுக்குச் சற்றுக் கூடவும். பன்னிரண்டு பூரணைக்கு ஏறக்குறைய 354 நாள். வருடத்துக்கு 365 என்பதால், ஒவ்வொரு போயாவும் அடுத்த வருடம் 11 நாள் முன்னால் வரும். 2024 வெசாக் மே 23. 11ஐக் கழித்தால் மே 12, இந்த வருட வெசாக் அதேதான். 2024 பெப்ரவரியில் 29 நாள் இருந்ததால், அதற்கு முந்திய இரண்டு போயாக்களுக்கு மட்டும் 12ஐக் கழிக்க வேண்டும்.

இப்படிப் பன்னிரண்டையும் நானே உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். ஏழு அப்படியே பொருந்தின. நவம், எசல, பினர, இல், உந்துவப் ஆகிய ஐந்தும் ஒரு நாள் தவறின. எசல ஜூலை 9 என்று வந்தது, உண்மையில் அது ஜூலை 10. கவனித்தால், ஐந்துமே ஒரு நாள் பிந்தித்தான் வந்திருக்கின்றன, ஒன்றுகூட முந்தவில்லை. 354க்கு மேல் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாக மிச்சமிருக்கிறது. கழிக்கும்போது விடுபடுவது அதுதான். ஆகவே பிள்ளை ஒரு திகதியை எழுதினால் பக்கத்தில் "அல்லது மறுநாள்" என்று பென்சிலால் குறிக்கட்டும்.

அடுத்து, பெயர். துருத்து, நவம், மெதின், பக், வெசாக், பொசொன், எசல, நிகினி, பினர, வப், இல், உந்துவப் என்று ஜனவரி தொடங்கிப் பாடமாக்கி, மாதத்துக்கு ஒன்றாக எழுதிவிடுவார்கள். சாதாரண வருடத்தில் அது பொருந்தும். ஜனவரிப் போயா மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் வந்துவிட்டால் கவனம் தேவை. 354 நாளைக் கூட்டிப் பாருங்கள், டிசம்பர் முடிவதற்குள் பதின்மூன்றாவது போயா ஒன்று வந்து நிற்கும். 2023இல் துருத்து ஜனவரி 6, கடைசிப் போயா டிசம்பர் 26, மொத்தம் பதின்மூன்று. ஓகஸ்ட் மாதத்தில் மட்டும் 1ஆம் திகதியும் 30ஆம் திகதியும் போயா. அந்த வருடம் எசல இரண்டு வந்தது, ஒன்றின் முன்னால் "அதி" என்று சேர்த்தார்கள். ஓகஸ்ட் என்றால் நிகினி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய பிள்ளைக்கு அங்கே ஒரு போயா பெயரில்லாமல் மிஞ்சியிருக்கும்.

2026ம் அப்படியான வருடம்தான். இந்த வருடத் துருத்து ஜனவரி 13. 11ஐக் கழித்தால் என்ன வருகிறது என்று பிள்ளையே சொல்லட்டும். மே மாதத்தில் நிலவு இரண்டு முறை முழுமையடைகிறது, 1ஆம் திகதி இரவும் 31ஆம் திகதி பிற்பகலும். இவற்றில் எது வெசாக் என்பதைக் கணக்கால் தீர்மானிக்க முடியாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, வர்த்தமானியைப் பார்த்து நிரப்ப வேண்டும். வெசாக் கூடு கட்டும் சிங்களக் குடும்பங்கள் அயலில் இருந்தால் அவர்களிடமும் கேட்கலாம். தன்சல் எந்த நாளில் என்பது பிள்ளைகளுக்கு எப்படியும் தெரிந்தாக வேண்டிய விஷயம்.

நமது தமிழ் மாதத்தை வைத்தும் பெயர் சூட்ட வேண்டாம். வைகாசிப் பூரணைதான் வெசாக் என்று பலர் நினைக்கிறார்கள். 2024இல் அது சரியாக இருந்தது. இந்த வருட வெசாக்கோ சித்திரை மாதத்திலேயே, சித்திரா பௌர்ணமி அன்றே வந்துவிட்டது. நமது மாதம் சூரியனை வைத்துக் கணிப்பது, சிங்கள மாதம் நிலவை வைத்துக் கணிப்பது.

வீட்டில் பேரன் பேத்தியோடு தாத்தா பாட்டி இருந்தால், 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக, பூரணை மட்டுமல்லாமல் அமாவாசையும் அரைநிலவு நாட்களும் சேர்ந்த போயாக்களையும் அவற்றுக்கு முந்திய நாட்களையும் வார விடுமுறையாக வைத்திருந்த காலத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். அப்போது பாடசாலை எந்தக் கிழமை என்று அவர்கள் எப்படிக் கணக்கு வைத்திருந்தார்கள் என்பதையும் பிள்ளை கொப்பியில் எழுதலாம்.

பட்டியலில் நான்கு நிரல் வேண்டும்: கழித்து வந்த திகதி, நிலவு முழுமையடையும் திகதியும் நேரமும், வர்த்தமானித் திகதி, போயாவின் பெயர். முதலிரண்டையும் நிரப்பிய பிறகே மூன்றாவதைப் பார்க்க வேண்டும். திகதிகள் ஒத்துவராத வரிகளைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். கொப்பிகளை அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடப் பெற்றார் கூட்டத் திகதிகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பலகையில் ஒட்டுவேன்.

இப்படிக்கு,
அதிபர்