அனுப்புகைப் பதிவேட்டில் வரும் மாற்றம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எண்: 23/வா/2025
நாள்: 24.11.2025

பொருள்: 2026ஆம் ஆண்டுக்கான அனுப்புகைப் பதிவேடு – புதிய கலங்கள் – விளக்கம் அளித்தல் தொடர்பாக.

அன்புடையீர்,

வணக்கம். பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றின் அலுவலகங்களுக்கு நாங்கள் அச்சிட்டுக் கட்டித் தரும் அனுப்புகைப் பதிவேட்டில், வரும் ஜனவரி முதல் இரண்டு கலங்களைக் கூடுதலாகச் சேர்க்கிறோம். இதுவரை 'கடித எண்' என்று ஒரே கலமாக இருந்தது இனி 'அனுப்புகை வரிசை எண்' என்றும் 'கோப்பு எண்' என்றும் இரண்டாகப் பிரியும். 'நாள்' என்றிருந்த கலமும் அவ்வாறே 'கடித நாள்' என்றும் 'அஞ்சலில் சேர்த்த நாள்' என்றும் இரண்டாகும். பழகிய படிவத்தை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

தமிழக அரசு அலுவலகங்களிலும், அவற்றின் வழக்கத்தைப் பின்பற்றும் உதவிபெறும் நிறுவனங்களிலும், கடிதத்தின் தலைப்பில் எழுதப்படும் ந.க. எண், அதாவது கோப்பு எண், அந்தக் கடிதத்துக்கு மட்டும் உரிய எண் அன்று. ஒரு பொருள் குறித்து முதல் தாள் அலுவலகத்துக்கு வந்ததும், பிரிவு எழுத்தர் தம் தன்பதிவேட்டில் அதைப் பதியும்போது அந்தப் பொருளுக்குக் கிடைக்கும் எண் அது. அந்தப் பொருள் முடியும்வரை வெளியே போகும் கடிதம், நினைவூட்டு, திருத்தக் கடிதம் அனைத்தும் அதே எண்ணைத்தான் தாங்கிச் செல்லும். ஒரு கடிதத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் நாள். ஆகவே எண்ணும் நாளும் சேர்ந்தால்தான் ஒரு கடிதம் முழுமையாகச் சுட்டப்படுகிறது. 'பார்வை' என்ற தலைப்பின்கீழ் இரண்டையும் சேர்த்து எழுதுவதற்கு இதுவே காரணம். ஒரே கோப்பிலிருந்து ஒரே நாளில் ஒரே அலுவலருக்கு இரண்டு கடிதங்கள் போக நேர்ந்தால், எண்ணின் இறுதியில் -1, -2 என்று சேர்த்துக்கொள்வது நல்லது.

அனுப்புகை வரிசை எண் இதற்கு மாறானது. உறை அலுவலகத்தை விட்டு வெளியேறும்போது பதிவேட்டில் விழும் தொடர் எண் அது. ஒவ்வொரு ஜனவரியிலும் 1இல் தொடங்கும். அலுவலகத்துக்குள் சரிபார்க்க மட்டுமே அது பயன்படுகிறது. கடிதத்தின் தலைப்பில் அதற்கு இடமில்லை.

இவ்விரண்டும் கலந்துபோனால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறோம். ஒரு பள்ளி அலுவலகத்தில் ஆசிரியர் ஒருவரின் ஊதிய உயர்வு விண்ணப்பம் 18.11.2024 அன்று வருகிறது. அ பிரிவின் இரண்டாம் இருக்கை அதற்கு 147/அ2/2024 என்று எண் இடுகிறது. கல்வி அலுவலருக்கு முதல் கடிதம் 25.11.2024 அன்று போகிறது. அனுப்புகை வரிசை எண் 612. பதில் வராததால் 08.01.2025 அன்று நினைவூட்டு எழுதுகிறார்கள். முறைப்படி அதன் தலைப்பில் 'ந.க. எண். 147/அ2/2024, நாள்: 08.01.2025' என்றுதான் இருக்க வேண்டும். எண்ணில் 2024, நாளில் 2025 என்று வருவதைப் பார்த்துத் தட்டச்சர் பிழை என்று நினைத்து, எண்ணின் ஆண்டையும் 2025 ஆக்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்வி அலுவலகம் அந்த எண்ணையே பார்வையில் குறித்துப் பதில் அனுப்புகிறது. ஜனவரி இறுதியில் பதில் வந்து சேரும்போது, புதிய தன்பதிவேட்டில் 147 என்ற எண்ணுக்கு இன்னும் எந்தப் பொருளும் பதியப்படவில்லை. எழுத்தர் அதைப் புதுத் தபாலாகக் கருதி 31/அ2/2025 என்று வேறொரு கோப்பைத் திறக்கிறார். இப்போது ஒரே ஆசிரியரின் ஒரே கோரிக்கை இரண்டு கோப்புகளில் கிடக்கிறது. விண்ணப்பம் ஒன்றில், அதற்கான பதில் மற்றொன்றில். அந்த ஆண்டின் பிற்பகுதியில் 147/அ2/2025 என்ற எண் வேறொரு பொருளுக்குப் போகும்போது குழப்பம் இரட்டிப்பாகும். ஆண்டு மாறினாலும் எண்ணில் உள்ள ஆண்டு மாறாது; அது கோப்பு பிறந்த ஆண்டு.

இந்தப் பிழை எங்கள் பழைய படிவத்தால் எளிதாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறோம். 'கடித எண்' என்ற ஒரே கலத்தில் சிலர் கோப்பு எண்ணையும் சிலர் வரிசை எண்ணையும் எழுதினார்கள். மேற்படி நினைவூட்டையே '9/2025' என்று வரிசை எண்ணோடு அனுப்பியவர்களும் உண்டு. புதிய பதிவேட்டில் அந்த வரி இப்படி அமையும்: வரிசை எண் 9, கோப்பு எண் 147/அ2/2024, கடித நாள் 08.01.2025, அஞ்சலில் சேர்த்த நாள் 09.01.2025. இவற்றுக்குப் பின் பெறுநர், பொருள், அனுப்பிய வகை, அஞ்சல் செலவு ஆகியவை பழையபடியே இருக்கும்.

நாள் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரைவு எழுதிய நாளையே தூய நகலிலும் தட்டச்சு செய்துவிடுவது பல அலுவலகங்களில் நடக்கிறது. வரைவு ஒப்புதலுக்குப் போய்த் திரும்பி, கையொப்பமாகி, உறையிலிடப்படுவதற்குள் ஒரு வாரம் கழிந்துவிடலாம். மாதத்தையும் ஆண்டையும் மட்டும் அச்சிட்டு, தேதிக்கு இடம் விட்டு, கையொப்பமிடும் அலுவலர் தம் கையாலேயே அதை நிரப்பும் பழைய வழக்கம் மிகச் சரியானது என்பது எங்கள் கருத்து. அச்சகம் தொடங்குவதற்கு முன் நான் ஓர் அலுவலகத்தில் அனுப்புகை எழுத்தராக இருந்தேன். அங்கே தகவல் கேட்ட ஒருவருக்கு எழுதிய பதில் 28ஆம் தேதியிட்டு, ஐந்து நாள் என் மேசையிலேயே கிடந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 தரும் கெடு, விண்ணப்பம் கிடைத்ததிலிருந்து 30 நாள். கடிதத்தின் நாள் கெடுவுக்குள் இருந்தது. உறையின் மேல் விழுந்த அஞ்சல் முத்திரை கெடுவைத் தாண்டியிருந்தது. மேல்முறையீட்டில் உறைதான் பேசியது. அன்று எங்கள் பதிவேட்டில் அஞ்சலில் சேர்த்த நாளுக்கென ஒரு கலம் இருந்திருந்தால், மறுநாளே தாமதம் கண்ணில் பட்டிருக்கும்.

இந்தக் கலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. சரியான முகவரியிட்டு, அஞ்சல் கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் அனுப்பிய கடிதம், மாறாக நிறுவப்பட்டாலன்றி, வழக்கமாகச் சேரும் காலத்தில் பெறுநரைச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று 1897ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. கடிதத்தை அனுப்பியதற்கு அஞ்சல் ரசீதும் பதிவேட்டு வரியும்தான் சான்று. ரசீதை அந்த வரியின் பக்கத்திலேயே ஒட்ட ஏதுவாக வலப்புற ஓரத்தை அகலமாக்கியிருக்கிறோம்.

அலுவலக நகலைப் பற்றி ஒன்று. கடிதம் போனபின் அதன் நகலில் 'அனுப்பப்பட்டது, வரிசை எண் 612, 25.11.2024' என்று குறித்து, கோப்பின் அடுத்த பக்க எண்ணை இட்டுச் சேர்க்க வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத நகல், கடிதம் போனதா வரைவோடு நின்றதா என்பதைச் சொல்லாது. கோப்பைத் தணிக்கைக்கு எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே.

பொருள் முடிந்ததும் கோப்பு ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு என்ற முடிவு வகைகளில் ஒன்றிலோ நிரந்தரமாகவோ வைக்கப்பட்டுப் பதிவறைக்குப் போகும். ஓ.மு., மூ.மு., ப.மு. என்று தலைப்புகளில் நீங்கள் காண்பவை இந்த வகைகளே. எந்த வகை, எந்த நாளில் முடிந்தது என்பதை மேலட்டையில் எழுதாவிட்டால், அழிக்க வேண்டிய ஆண்டைப் பின்னால் யாராலும் கணக்கிட முடியாது. எங்கள் கோப்பு அட்டைகளில் அதற்கான இரண்டு வரிகள் ஏற்கெனவே உள்ளன. அவை பெரும்பாலும் வெற்றாகவே இருப்பதைப் பார்த்து வருந்துகிறோம்.

பழைய படிவப் பதிவேடுகள் கையிருப்பில் உள்ளவர்கள் அவற்றை வீணாக்க வேண்டாம். 'கடித எண்' கலத்தின் நடுவே சிவப்பு மையில் ஒரு கோடிட்டு, இடப்பக்கம் வரிசை எண்ணையும் வலப்பக்கம் கோப்பு எண்ணையும் எழுதலாம்; 'நாள்' கலத்தையும் அவ்வாறே பிரித்துக்கொள்ளலாம். புதிய பதிவேடு 200, 400 பக்க அளவுகளில் கிடைக்கும். பிரிவு எழுத்துகளை முன்கூட்டியே அச்சிட்டுத் தர வேண்டுமானால், உங்கள் அலுவலகத்தின் பிரிவுகளையும் இருக்கை எண்களையும் டிசம்பர் 15க்குள் எழுதி அனுப்புங்கள். அக்கடிதத்தில் எங்களுடைய 23/வா/2025 என்ற எண்ணையும் 24.11.2025 என்ற நாளையும் பார்வையாகக் குறிப்பிட்டால், அது தானாகவே உரிய கோப்பில் வந்து சேரும்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
பதிவேடு அச்சு மற்றும் நூற்கட்டுப் பிரிவு